எண்ணெய் வழியும் முகமும் உப்புத் தண்ணீரும்: கொங்கு நாட்டில் மென்மையான ஃபேஸ் வாஷைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

போன வைகாசியில், பல்லடம் பக்கத்து நூற்பாலையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி என் மருந்துக்கடைக்கு வந்தாள். வயது 22. நெற்றியும் மூக்கும் எண்ணெய் தடவியதைப் போல மின்னின. ஆனால் இரண்டு கன்னங்களிலும் வெள்ளையாகச் செதில் உரிந்திருந்தது. வாயோரம் சிவந்திருந்தது.

“இதைவிட ஸ்ட்ராங்கான ஃபேஸ் வாஷ் இருந்தால் கொடுங்கள் அக்கா” என்றாள்.

“ஒரு நாளைக்கு எத்தனை முறை கழுவுகிறாய் அம்மிணி?”

“ஐந்து. ஷிஃப்ட் நாளில் ஆறு.”

அவளுக்குத் தேவைப்பட்டது நேர் எதிரான ஒன்று. அதைக் கண்டுபிடிக்க இருவரும் சேர்ந்து என்னென்ன செய்தோமோ, அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். எண்ணெய் வழியும் முகத்தோடு கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர்ப் பக்கம் வாழும் எவரும் இதே வழியில் போகலாம்.

முதலில்: முகத்தில் வருவது என்ன, அதை எது அகற்றும்

தோலுக்குள் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் நெற்றி, மூக்கு, தாடைப் பகுதிகளில் நெருக்கமாக இருக்கின்றன. அவற்றை இயக்குவது பெரும்பாலும் உடலின் ஹார்மோன்கள். ஆகவே எந்த ஃபேஸ் வாஷும் சுரப்பியை நிறுத்தாது; ஏற்கெனவே மேலே வந்துவிட்ட எண்ணெயைத்தான் எடுக்கும். கழுவிய சில மணி நேரத்தில் மினுமினுப்பு திரும்பினால் அது ஃபேஸ் வாஷின் தோல்வி அல்ல, தோலின் இயல்பு. இதை ஏற்றுக்கொள்ளாதவர்கள்தான் ஐந்து முறை, ஆறு முறை என்று போகிறார்கள்.

வெப்பம் கூடும்போது எண்ணெய் இளகி வேகமாகப் பரவுகிறது. காற்றில் ஈரம் கூடினால் வியர்வை உலராமல் அந்த எண்ணெயோடு கலந்து முகத்திலேயே நிற்கிறது. கொங்கு நாட்டின் வெளிக்காற்று கடற்கரை ஊர்களைப் போல வருடம் முழுக்கப் பிசுபிசுப்பானது அல்ல. ஆனால் நம்மில் பலர் வெளிக்காற்றில் வேலை செய்வதில்லை. நூற்பாலையில் இழை அறுந்துபோகாமல் இருக்கக் காற்றில் வேண்டுமென்றே ஈரத்தை ஏற்றி வைப்பார்கள். வெளியே காய்ந்த பங்குனி வெயில் அடித்தாலும் உள்ளே ஐப்பசி மழைக்காலத்துப் புழுக்கம்தான். சாயப்பட்டறையில் ஆவி, இஸ்திரி மேசையிலும் ஆவி. எனவே உங்கள் முகம் எந்தக் காற்றில் எட்டு மணி நேரம் இருக்கிறது என்பதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும், நாட்காட்டியை அல்ல.

படி 1: ஐந்து நாள் ஓய்வு, பிறகு ஒரு மணி நேரச் சோதனை

எரிச்சல் பட்ட தோலில் எந்த ஃபேஸ் வாஷையும் சோதிக்க முடியாது. எதைப் போட்டாலும் எரியும். அதனால் அந்தப் பெண்ணிடம் ஐந்து நாட்களுக்கு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். ஃபேஸ் வாஷ், எலுமிச்சைச் சாறு, தேய்க்கும் ஸ்கிரப், மூன்றும் வேண்டாம். காலை, மாலை வெறும் தண்ணீர். கன்னத்தில் மட்டும் வாசனை இல்லாத சாதாரண மாய்ஸ்சரைசர். முகம் பிசுபிசுக்குமே என்று பயந்தாள். பிசுபிசுத்தது; ஆனால் ஐந்தாம் நாள் செதில் நின்றுவிட்டது.

அதன் பிறகு சோதனை. முகத்தைத் தண்ணீரால் கழுவி, துடைத்து, எதுவும் தடவாமல் ஒரு மணி நேரம் மின்விசிறிக்கு அடியில் இருக்க வேண்டும். பிறகு மெல்லிய டிஷ்யூ காகிதத்தை நெற்றி, மூக்கு, இரு கன்னங்கள் என்று தனித்தனியாக அழுத்தி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். நான்கிலும் எண்ணெய்க் கறை ஒளி ஊடுருவுவது போலத் தெரிந்தால் முழுமையான எண்ணெய்ச் சருமம். நெற்றி, மூக்குக் காகிதங்களில் மட்டும் இருந்து கன்னத்தில் இல்லாவிட்டால் கலப்புச் சருமம். அவளுக்குக் கலப்பு. இத்தனை நாள் நெற்றிக்குப் போட்ட சண்டையில் கன்னம் அடிபட்டிருந்தது.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து நாள் ஓய்வுக்குப் பிறகும் வெறும் தண்ணீர் பட்டாலே முகம் எரிகிறது, வெயிலில் சிவந்துபோகிறது என்றால், முகத்தில் என்ன கிரீம் போட்டுவந்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். நிறம் கூட்டும் என்று தோழியோ அழகு நிலையமோ கொடுத்த கிரீமில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஸ்டீராய்டு இருக்கலாம். நீண்ட நாள் போட்ட ஸ்டீராய்டால் கெட்ட முகத்துக்கு ஃபேஸ் வாஷ் தேடுவது வீண். தோல் மருத்துவரிடம் போங்கள். கிரீமை நிறுத்தும் முறையையும் அவரே சொல்லட்டும்.

படி 2: உங்கள் தண்ணீரைச் சோதியுங்கள்

ஃபேஸ் வாஷ் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி இதுதான். கொங்கு நாட்டில் இதை விட்டால் மற்ற எல்லாம் தப்பாகப் போகும்.

சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்கும், 800 அடி போர் போட்டு எடுக்கும் தண்ணீரில் குளிக்கும் விடுதிக்கும் ஒரே ஃபேஸ் வாஷ் ஒரே மாதிரி வேலை செய்யாது. நாம் உப்புத் தண்ணீர் என்று சொல்வதில் சமையல் உப்பைவிட முக்கியமான பொருள்கள் கால்சியமும் மக்னீசியமும். குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்து, பக்கெட் ஓரத்தில் சுரண்டினாலும் போகாத கறை அவற்றால் வருவதே. குடிநீரில் இந்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது என்றும், வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர அளவு சொல்கிறது.

வீட்டில் சோதிக்க ஆய்வகம் வேண்டாம். ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடி பாட்டில்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் குளிக்கும் தண்ணீர், மற்றொன்றில் ஆர்.ஓ. தண்ணீர் அல்லது மழைத் தண்ணீர், இரண்டையும் பாதி வரை நிரப்புங்கள். சாதாரணக் குளியல் சோப்பை மிளகு அளவு சுரண்டி ஒவ்வொன்றிலும் போட்டு, மூடி, ஒரே அளவு குலுக்குங்கள். நல்ல தண்ணீரில் நுரை எழும்பி நிற்கும். உப்புத் தண்ணீரில் நுரை அடங்கிவிடும்; தண்ணீர் கலங்கி, பால் திரிந்தது போல வெள்ளைத் திப்பி மிதக்கும்.

அந்தத் திப்பிதான் முகத்திலும் படிகிறது. சோப்பு என்பது எண்ணெய் அமிலத்தையும் காரத்தையும் சேர்த்துச் செய்வது. அது கால்சியத்தோடு சேர்ந்தால் தண்ணீரில் கரையாத பொருளாக மாறிவிடுகிறது. எவ்வளவு அலசினாலும் முழுதாகப் போகாது. விரலால் தொட்டால் முகம் ‘கிறீச்’ என்று பிடித்து இழுக்கும். பலர் அதைச் சுத்தத்தின் அடையாளம் என்று நினைத்து மகிழ்கிறார்கள். அந்தப் பெண்ணும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அவள் விடுதித் தண்ணீரை பாட்டிலில் கொண்டுவந்தாள். கடையிலேயே குலுக்கிப் பார்த்தோம். நுரை அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

எங்கள் அமுச்சி கிணற்றுத் தண்ணீரில் அரப்புத் தேய்த்துத்தான் எங்களைக் குளிப்பாட்டுவார். அந்த உப்புக் கிணற்றிலும் அரப்பு நன்றாகவே வேலை செய்தது. காரணம், அரப்பிலும் சீயக்காயிலும் நுரை தருவது சப்போனின் என்ற வேறு வகைப் பொருள். அது சோப்பைப் போல கால்சியத்தோடு திரிவதில்லை. தலைக்கு அது இன்றும் நல்ல தேர்வு. முகத்துக்கு நான் சொல்வதில்லை. எவ்வளவு சலித்தாலும் இலைத் துகள் நெருநெருவென்று இருக்கும்; பரு இருக்கும் முகத்தில் அது கீறும். அரப்பின் குணமே நமக்கு வேண்டும், துகள் வேண்டாம். சோப்பில்லாத ஃபேஸ் வாஷ் அதைத் தருகிறது.

படி 3: பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கத்தில் வேப்பிலை, கரி, வைட்டமின் சி என்று எதை எழுதியிருந்தாலும் கண்டுகொள்ள வேண்டாம். முகத்தில் அரை நிமிடம் இருந்து தண்ணீரோடு ஓடிவிடும் பொருளில் அவற்றால் கிடைக்கும் பலன் மிகச் சிறியது. பின்பக்கப் பட்டியலில் அதிக அளவில் உள்ள பொருள் முதலில் வரும். முதல் ஆறேழு பெயர்களைப் படித்தால் போதும்.

நீங்கள் தேட வேண்டிய முதல் ஆபத்து, ஒளிந்திருக்கும் சோப்பு. ஸ்டீரிக் ஆசிட், மிரிஸ்டிக் ஆசிட், லாரிக் ஆசிட் ஆகியவற்றில் இரண்டு மூன்றும், அவற்றோடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் தொடக்கத்திலேயே வந்தால், டியூபில் இருந்தாலும் அது சோப்பு. கிரீமைப் போல வெண்மையாக, கெட்டியாக இருந்து பொங்கிப் பொங்கி நுரைக்கும் பல ஃபேஸ் வாஷ்கள் இந்த வகை. அவள் வைத்திருந்த டியூபைத் திருப்பிப் பார்த்தபோது தண்ணீருக்கு அடுத்த நான்கு பெயர்களும் இவைதான்.

முன்பக்கத்தில் ‘சல்ஃபேட் இல்லாதது’ என்று பெரிதாக எழுதியிருந்தது. அது பொய்யல்ல, சோப்பில் சல்ஃபேட் இல்லை. ஆனால் நம் தண்ணீருக்கு அந்த வாசகம் எந்த உறுதியும் தராது. நம் ஊரில் கேட்க வேண்டிய கேள்வி ‘சல்ஃபேட் இல்லாததா’ அல்ல, ‘சோப்பு இல்லாததா’ என்பதே.

அடுத்து, நுரைக்காகச் சேர்க்கும் சல்ஃபேட். சோடியம் லாரில் சல்ஃபேட் எரிச்சல் தருவது; கடினமான தண்ணீரில் தோல்மேல் கூடுதலாகத் தங்கவும் செய்கிறது. சோடியம் லாரெத் சல்ஃபேட் பெயரில் ஓரெழுத்து வித்தியாசம் போலத் தெரிந்தாலும் அதைவிட மென்மையானது. நல்ல துணைப்பொருளோடு வந்தால், முழு எண்ணெய்ச் சருமம் உள்ளவர்கள் அதைத் தாங்கிக்கொள்வார்கள்.

நாம் தேடும் மென்மையான நுரைப்பொருள்களின் பெயர்கள் இவை: கோகாமிடோபுரோபில் பீட்டெய்ன், டெசில் குளுக்கோசைடு, கோகோ குளுக்கோசைடு, சோடியம் லாரோயில் சார்கோசினேட், சோடியம் கோகோயில் ஐசெத்தியோனேட். பட்டியலின் முதல் சில இடங்களுக்குள் இவற்றில் இரண்டு இருந்து, கிளிசரினும் அருகில் இருந்தால், அந்த டியூபைக் கையில் எடுக்கலாம். பெயர்கள் நாவில் நிற்காது. கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு கடையில் ஒப்பிடுங்கள். எண்ணெய் முகத்துக்குக் கண்ணாடி போன்ற ஜெல் வகையே வசதியானது, சீக்கிரம் அலசிவிடலாம். குளுகுளுப்புக்காக மென்தால் சேர்த்தது, வாசனை தூக்கலாக இருப்பது, பட்டியலின் மேற்பகுதியில் ஆல்கஹால் இருப்பது ஆகியவற்றை விட்டுவிடுங்கள்.

பட்டியல் குழப்பினால், ஒரு பொருள் அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். காகிதம் உதவும். ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும். ஒரு துளி ஃபேஸ் வாஷோடு ஒரு துளி ஆர்.ஓ. தண்ணீர் கலந்து காகிதத்தைத் தொட்டுப் பாருங்கள். உப்புத் தண்ணீரைக் கலக்கக் கூடாது, அதற்கே காரத்தன்மை உண்டு. நல்ல தோலின் அளவு 5-ஐ ஒட்டியது. காகிதம் 5 அல்லது 6 காட்டினால் நல்லது; 9, 10 காட்டினால் அது சோப்பு.

படி 4: பாதி முகச் சோதனை

கையில் எடுத்த டியூபின் சிறிய அளவை வாங்குங்கள். முதல் இரண்டு நாள் தாடையோரத்தில் மட்டும் போட்டுக் கழுவுங்கள். அரிப்போ தடிப்போ இல்லையென்றால், அடுத்த பத்து நாட்களுக்கு முகத்தின் வலது பாதியைப் புதியதாலும் இடது பாதியை வெறும் தண்ணீராலும் கழுவுங்கள். வழக்கமாகக் குளிக்கும் அதே தண்ணீரையே பயன்படுத்துங்கள். சோதனைக்கென்று நல்ல தண்ணீர் எடுத்தால் முடிவு பொய்யாகும்.

பார்க்க வேண்டியது கழுவிப் பத்து நிமிடம் கழித்து. வலது கன்னம் இழுத்துப் பிடிக்கிறதா? சிரித்தால் வாயோரம் இறுகுகிறதா? மூக்கின் பக்கவாட்டில் மாவு போலச் செதில் தெரிகிறதா? வேலையின்போது வியர்வை வழிந்தால் வலப்பக்கம் மட்டும் சுரீரென்கிறதா? இவற்றில் ஒன்று தொடர்ந்து நடந்தாலும் அந்த ஃபேஸ் வாஷ் உங்களுக்கு ஆகாது. எதுவும் இல்லாமல், வலது நெற்றி மட்டும் இடதைவிடப் பிசுபிசுப்பு குறைந்து இருந்தால் கிடைத்துவிட்டது.

அந்தப் பெண்ணுக்கு முதலில் கொடுத்த ஜெல் ஆறாம் நாளே வாயோரத்தை இறுக்கியது. பட்டியலை மறுபடி பார்த்தேன். ஒலெஃபின் சல்ஃபோனேட் இரண்டாம் இடத்தில் இருந்தது. சல்ஃபேட்டும் இல்லை, சோப்பும் இல்லை, ஆனாலும் அழுத்தமாக எண்ணெய் எடுக்கும் பொருள். அவசரத்தில் நான்தான் கவனிக்காமல் விட்டிருந்தேன். குளுக்கோசைடும் பீட்டெய்னும் உள்ள இன்னொன்றை மாற்றிக் கொடுத்தேன். அது பத்து நாளும் தொந்தரவு செய்யவில்லை.

படி 5: கழுவும் முறை

கைகளைக் கழுவிவிட்டு, முகத்தை நன்றாக நனைத்து, ஊறிய கொண்டைக்கடலை அளவு, அதாவது ஏறத்தாழ ஒரு மில்லி எடுத்து, உள்ளங்கையில் தண்ணீரோடு குழைத்த பிறகே முகத்தில் வைக்க வேண்டும். நெற்றி, மூக்கு, தாடையில் முதலில். கன்னத்துக்குக் கடைசியில், அதுவும் நொடிப்பொழுது. மொத்தம் அரை நிமிடம். பிறகு பத்துப் பன்னிரண்டு கை தண்ணீர் விட்டு, முடியோரமும் காதுக்கு முன்னாலும் வழுவழுப்புப் போகும்வரை அலச வேண்டும். உப்புத் தண்ணீர் வீடுகளில் கடைசியாக ஒரு சொம்பு நல்ல தண்ணீர் கிடைத்தால் முகத்துக்கு ஊற்றிக்கொள்ளுங்கள். பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

காலையில் ஒன்று, வேலை முடிந்து வந்ததும் ஒன்று. இரண்டே முறை. ஷிஃப்டின் நடுவில் வியர்த்தால் வெறும் தண்ணீர். மில்லில் பறக்கும் பஞ்சுத் தூசு தண்ணீரிலேயே போய்விடும். எண்ணெய் மட்டும் தொந்தரவு செய்தால் காகிதத்தால் ஒற்றினால் போதும். இப்படிப் பயன்படுத்தினால் 100 மில்லி டியூப் 50 நாள் வரும். அவள் முன்பு பதினைந்து நாளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டிருந்தாள்.

தலையில் தேங்காய் எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெக்கையில் அது நெற்றிக்கு இறங்கி, முடியோரத்தில் சிறு சிறு பருவாக வரும். அதை எந்த ஃபேஸ் வாஷும் தீர்க்காது. எண்ணெயைத் தலைக்குக் குளிக்கும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பரு இருந்தால்

வெறும் எண்ணெய்க்கு மருந்துப் பொருள் வேண்டியதில்லை. கரும்புள்ளியும் சிறு பருவும் இருந்தால் சாலிசிலிக் ஆசிட் உள்ளது உதவும். அது எண்ணெயில் கரைவதால் துளைக்குள் இறங்கும். 2 சதவீதம் என்றால்தான் வேலை செய்யும் என்பதில்லை, 0.5 அல்லது 1 சதவீதத்தில் தொடங்கலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரவில், முகத்தில் ஒரு நிமிடம் வைத்து அலசுங்கள். மற்ற வேளைகளில் மென்மையானதே. ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தொட வேண்டாம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுப் போடுங்கள். பென்சாயில் பெராக்சைடு உள்ளவை பருவுக்கு நல்லவை, ஆனால் மென்மையானவை அல்ல. துணியில் பட்டால் சாயத்தையும் எடுத்துவிடும். அதைப் பயன்படுத்தினால் வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நெற்றியிலும் முதுகிலும் ஒரே அளவில், அரிக்கும் சின்னச் சின்னக் கொப்புளங்கள் புழுக்கத்தில் கூடினால் அது பருவாக இல்லாமல் பூஞ்சையாக இருக்கலாம். வலிக்கும் பெரிய கட்டிகளும், குழி விழும் தழும்பும் ஃபேஸ் வாஷின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. இரண்டுக்கும் தோல் மருத்துவர்தான்.

ஆடி பிறந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கத் தொடங்கியபோது அவள் மறுபடி வந்தாள். நெற்றி நன்றாக இருந்தது. ஆனால் பஸ்ஸில் ஜன்னலோரம் வந்தாலே கன்னம் இறுகுகிறது, டியூபை மாற்ற வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். காலையில் மட்டும் வெறும் தண்ணீர், மாலையில் அதே ஜெல், கன்னத்துக்கு மாய்ஸ்சரைசர். புரட்டாசி கழிந்து காற்றில் ஈரம் ஏறியதும் பழையபடி இரண்டு முறைக்குப் போகச் சொல்லியிருக்கிறேன்.